கவர்மெண்ட் பத்திரம்தானே, அதன் வட்டிக்கும் வரியா?

மார்ச் மாதம் பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் பீரோவைத் திறந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பைக்குள் பிபிஎஃப் பாஸ்புக், முதியோர் சேமிப்புத் திட்ட பாஸ்புக், தேசிய சேமிப்புப் பத்திரத்தின் பாஸ்புக், அஞ்சலக சேமிப்புக் கணக்கு, அப்புறம் ஒரு டிமேட் ஸ்டேட்மெண்ட். அந்த ஸ்டேட்மெண்டில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் வரியில்லாப் பத்திரங்கள் 400 இருந்தன.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாமே கவர்மெண்ட் போட்ட திட்டந்தானடே? ஒரு கையால வட்டியக் கொடுத்துட்டு மறு கையால வரியப் பிடுங்குவானா?"

பிடுங்கும் என்பதுதான் பதில். பெரியப்பா கட்டிலில் பரப்பியிருந்த ஐந்தில் இரண்டுக்கு முழு வரிவிலக்கு, இரண்டுக்கு முழு வரி, ஒன்றுக்குப் பாதியும் மீதியுமாக. ஐந்துமே அரசு சம்பந்தப்பட்டவை. அதனால் "யார் போட்ட திட்டம்" என்று பார்ப்பதில் பயனில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்றால், எந்த வட்டியாக இருந்தாலும் அது வருமானம். சம்பளமோ பென்ஷனோ வாடகையோ போல அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விலக்கு வேண்டும் என்றால் அந்தத் திட்டத்தின் வட்டிக்கு விலக்கு என்று சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அந்தப் பட்டியல் பிரிவு 10-இல் இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. நான் இங்கே பழைய எண்களையே சொல்கிறேன். பெரியப்பாவின் கணக்கு 2025-26 நிதியாண்டுக்கானது, அதற்குப் பழைய சட்டம்தான். வட்டி விகிதங்களும் அந்த ஆண்டுக்குரியவை.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பணத்தைப் போடும்போது கிடைக்கிற சலுகை வேறு, அதன் வட்டிக்குக் கிடைக்கிற விலக்கு வேறு. தேசிய சேமிப்புப் பத்திரம், முதியோர் சேமிப்புத் திட்டம், ஐந்து ஆண்டு அஞ்சலக டெபாசிட் மூன்றுக்கும் பழைய வரி முறையில் 80சி கழிவு உண்டு. "டேக்ஸ் சேவிங்" என்று சொல்லித்தான் கவுண்ட்டரில் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கழிவு போட்ட பணத்துக்கு மட்டும்தான். அது ஈட்டும் வட்டிக்கு முழுதாக வரி உண்டு. வரியில்லாப் பத்திரம் இதற்கு நேர் எதிர். வாங்கும்போது எந்தக் கழிவும் இல்லை, ஆனால் வருகிற வட்டிக்கு ஒரு பைசா வரி கிடையாது. பிபிஎஃப்பில் பழைய முறையில் இரண்டும் கிடைக்கும். அதனால்தான் அதை விட மனம் வராமல் பலர் 15 ஆண்டு முடிந்த பிறகும் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கொண்டே போகிறார்கள். நீட்டித்த காலத்து வட்டிக்கும் விலக்கு உண்டு.

புதிய வரி முறைக்குப் போனால் இந்த விலக்கெல்லாம் போய்விடுமா என்று பெரியப்பா கேட்டார். போகாது. புதிய முறையில் போவது 80சி, 80டிடிஏ, 80டிடிபி மாதிரியான கழிவுகள். வட்டி விலக்கு கழிவு வகை அல்ல. அந்தப் பணம் மொத்த வருமானத்துக்குள்ளேயே நுழைவதில்லை. பிபிஎஃப், செல்வமகள், வரியில்லாப் பத்திரம் மூன்றின் வட்டியும் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் விலக்குத்தான்.

சரி, விலக்கு உள்ளவை எவை? பிபிஎஃப் வட்டி, 7.1 சதவீதம், முழு விலக்கு. பெண் குழந்தைக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம், 8.2 சதவீதம், இதற்கும் முழு விலக்கு. பொதுத்துறை நிறுவனங்கள் வெளியிட்ட, மத்திய அரசு அறிவிக்கை செய்த வரியில்லாப் பத்திரங்களின் வட்டிக்கும் முழு விலக்கு. அஞ்சலக சேமிப்புக் கணக்கின் வட்டியில் ஒரு பகுதிக்கு மட்டும் விலக்கு: தனிக் கணக்கு என்றால் ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை, கூட்டுக் கணக்கு என்றால் 7,000 ரூபாய் வரை. இந்த 3,500 பலருக்குத் தெரியாது. வங்கி சேமிப்புக் கணக்குக்கு இது இல்லை, அஞ்சலகத்துக்கு மட்டும்தான். புதிய முறையிலும் கிடைக்கும்.

சாதாரணக் குடும்பத்தின் பீரோவில் இருக்கக்கூடிய விலக்குகள் அநேகமாக இவ்வளவுதான். முதியோர் சேமிப்புத் திட்டம், தேசிய சேமிப்புப் பத்திரம், கிசான் விகாஸ் பத்திரம், அஞ்சலக மாத வருமானத் திட்டம், அஞ்சலக டெபாசிட், ஆர்டி எல்லாமே வரி உள்ளவை. 2025 மார்ச் 31-உடன் முடிந்த மகிளா சம்மான் பத்திரத்தின் வட்டிக்கும் வரி உண்டு. ரிசர்வ் வங்கியின் மிதக்கும் வட்டிப் பத்திரத்துக்கு அதன் பெயரிலேயே "வரிக்குட்பட்டது" என்று போட்டிருக்கிறார்கள். தங்கப் பத்திரத்துக்கு ஆண்டுக்கு 2.5 சதவீதம் வருகிறதே, அந்த வட்டிக்கும் வரி உண்டு. தமிழ்நாட்டில் நிறையப் பேர் போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகத்திலும் பவர் ஃபைனான்ஸிலும் டெபாசிட் போடுகிறோம். மாநில அரசு நிறுவனங்கள் என்ற தைரியம் நியாயமானதுதான், ஆனால் அந்த வட்டிக்கும் வரி உண்டு.

வரியில்லாப் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இதில்தான் பெயரை வைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

2011-12 முதல் 2013-14 வரையும், அப்புறம் 2015-16-லும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ஐஆர்எஃப்சி, ஆர்இசி, பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், ஹட்கோ, நபார்டு போன்ற அமைப்புகள் பொதுமக்களிடம் கடன் வாங்க மத்திய அரசு அனுமதித்தது. 10, 15, 20 ஆண்டு என்று காலம் வைத்தார்கள். வட்டிக்கு வரி கிடையாது என்று அறிவிக்கை வந்தது. அதற்குப் பதிலாக, அதே காலத்து அரசுக் கடன் பத்திரத்தின் விகிதத்தைவிடக் குறைவாகத்தான் வட்டி தரலாம் என்று உச்சவரம்பும் போட்டார்கள். நிறுவனத்துக்கு மலிவாகக் கடன் கிடைத்தது, போட்டவருக்கு வரி மிச்சமானது, நடுவில் அரசு தன் வரி வருமானத்தை விட்டுக்கொடுத்தது. 2013-14-இல் நாட்டில் வட்டி விகிதமே உயர்ந்திருந்ததால் 8.5 சதவீதமும் அதற்கு மேலும் கிடைத்தது. 2015-16-க்குப் பிறகு பொதுமக்களுக்குப் புதிய வெளியீடு வரவில்லை. இன்று வேண்டுமென்றால் பங்குச் சந்தையில் வேறொருவரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

இங்கே முதல் பிழை, நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வது. ஆர்இசி வரியில்லாப் பத்திரமும் வெளியிட்டது, நிலம் விற்ற லாபத்துக்கு வரி தவிர்க்க உதவும் 54ஈசி பத்திரமும் வெளியிடுகிறது. லெட்டர்ஹெட் ஒன்றுதான், வரி நிலை வேறு. 54ஈசி பத்திரத்தில் மிச்சமாவது நிலம் விற்ற மூலதன லாபத்தின் மீதான வரி. அந்தப் பத்திரம் தருகிற 5.25 சதவீத வட்டிக்கு வரி உண்டு. மனை விற்று 10 லட்சம் இதில் போட்டவருக்கு ஆண்டுக்கு 52,500 ரூபாய் வட்டி வரும். ஐந்து ஆண்டும் அது வருமானத்தில் சேர வேண்டும். "வரி மிச்சம் பண்ணத்தானே வாங்கினோம்" என்று இதை விட்டுவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். 2010-11, 2011-12-இல் 20,000 ரூபாய்க் கழிவுக்காக வாங்கிய உள்கட்டமைப்புப் பத்திரங்களும் இதே கதைதான்: கழிவு உண்டு, வட்டி விலக்கு இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? டிமேட் ஸ்டேட்மெண்டில் பத்திரத்தின் பெயர் சுருக்கமாகத்தான் இருக்கும். பக்கத்தில் INE என்று தொடங்கும் 12 எழுத்து ஐசின் எண் இருக்கும். அதை வைத்து அந்த வெளியீட்டின் விவரத்தாளைத் தேடி எடுங்கள். பத்திரத்தின் முழுப்பெயரிலேயே Tax Free என்ற சொற்கள் இருக்க வேண்டும், பிரிவு 10(15)-இன் கீழ் விலக்கு என்றும் குறிப்பு இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது வரியுள்ள பத்திரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிழை, சந்தையில் வாங்கும்போது வட்டி விகிதத்தை மட்டும் பார்ப்பது. 1,000 ரூபாய் முகமதிப்புள்ள, 8.5 சதவீதம் தரும் பத்திரம் முதிர்வுக்கு இன்னும் 3 ஆண்டு இருக்கிறது என்று வையுங்கள். யாரும் அதை 1,000 ரூபாய்க்குக் கொடுக்க மாட்டார்கள். 1,080 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். மூன்று ஆண்டில் 85 வீதம் 255 ரூபாய் வட்டி, வரியே இல்லை. ஆனால் முடிவில் கைக்கு வருவது 1,000 ரூபாய்தான், அங்கே 80 ரூபாய் போய்விட்டது. மிஞ்சுவது 175. அதை 1,080-க்கும் மூன்று ஆண்டுக்கும் பிரித்துப் பார்த்தால் ஆண்டுக்கு சுமார் 5.4 சதவீதம்தான்.

இந்த 5.4 நல்லதா என்பது உங்கள் வரி விகிதத்தைப் பொறுத்தது. 6.5 சதவீதம் தரும் வங்கி டெபாசிட்டோடு வைத்துப் பார்ப்போம். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 31.2 சதவீதம் வரி போனால் கையில் நிற்பது 4.5 சதவீதம் அளவு. அவருக்கு வரியில்லாப் பத்திரம் நிச்சயம் லாபம். 5 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு டெபாசிட்டிலேயே 6.1-க்கு மேல் நிற்கும். அவர் "வரியில்லை" என்ற சொல்லுக்காக 5.4-ஐ வாங்கினால் அது நட்டம். வரி கட்டவே தேவையில்லாத வருமானம் உள்ளவர் இதன் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

விலக்கு வட்டிக்கு மட்டும்தான் என்பதையும் மறக்கக்கூடாது. பத்திரத்தை சந்தையில் லாபத்துக்கு விற்றால் அந்த லாபத்துக்கு வரி உண்டு. 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் அடுக்கு விகிதம், இரண்டின் மேலும் செஸ். இன்னொரு சின்ன விஷயம்: சில வெளியீடுகளில் சிறு முதலீட்டாளருக்குக் கொஞ்சம் கூடுதல் வட்டி கொடுத்தார்கள். அது முதலில் வாங்கியவரிடம் இருக்கும் வரைதான், கைமாறினால் குறைந்துவிடும் என்று நிபந்தனை இருந்ததுண்டு. வாங்குமுன் விவரத்தாளில் அதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தேசிய சேமிப்புப் பத்திரம். வரி உண்டு என்று தெரிந்தவர்கள்கூட இதில் எந்த ஆண்டு காட்டுவது என்று தடுமாறுவார்கள், ஏனென்றால் ஐந்து ஆண்டும் கைக்கு ஒன்றும் வராது. 7.7 சதவீதத்தில் 1 லட்சம் போட்டால் முதல் ஆண்டு வட்டி 7,700. அது அசலோடு சேர்ந்து இரண்டாம் ஆண்டு 8,293, மூன்றாம் ஆண்டு 8,931, நான்காம் ஆண்டு 9,619, ஐந்தாம் ஆண்டு 10,360 என்று வளரும். முடிவில் 1,44,903 ரூபாய் கைக்கு வரும்.

இந்த வட்டியை ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த ஆண்டின் ரிட்டர்னில் காட்டிவிடுவதே நல்லது. பழைய முறையில் இருந்தால் அதற்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: முதல் நான்கு ஆண்டு வட்டியும் அதே பத்திரத்தில் மறுபடி போட்டதாகக் கருதப்படுவதால், வருமானத்தில் காட்டிவிட்டு 80சி கழிவிலும் அதே தொகையைக் கேட்கலாம். 1.5 லட்சம் உச்சவரம்பில் இடம் இருந்தால் வரி இல்லாமலே போய்விடும். ஐந்தாம் ஆண்டு வட்டி கைக்கே வந்துவிடுவதால் அதற்கு இந்த வசதி இல்லை. இதைப் பார்த்துத்தான் சிலர் "என்எஸ்சி வட்டிக்கு வரி கிடையாது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது கழிவால் வந்த பலன், விலக்கு அல்ல. புதிய முறைக்கு மாறியதும் அந்தப் பலன் நின்றுவிடும்.

புதிய முறையிலும் ஆண்டுக்காண்டு காட்டுவது ஏன் நல்லது? இல்லையென்றால் 44,903 ரூபாயும் முதிர்வு ஆண்டில் ஒரே மொத்தமாக வந்து விழும். கிசான் விகாஸ் பத்திரத்தில் இது இன்னும் மோசம். 115 மாதத்தில் பணம் இரட்டிப்பாகும், 5 லட்சம் போட்டவருக்கு 5 லட்சம் வட்டி ஒரே ஆண்டு வருமானத்தில் ஏறும். இவை இரண்டுக்கும் அஞ்சலகம் டிடிஎஸ் பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. பிடிக்காவிட்டாலும் கணக்குக் காட்டுவது நம் பொறுப்பு.

இனி கட்டிலில் பரப்பியிருந்த காகிதங்களுக்கு வருவோம். பெரியப்பாவும் நானும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். பென்ஷன் மாதம் 80,000, ஆண்டுக்கு 9,60,000. புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக 8,85,000.

முதியோர் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சமும் போட்டிருக்கிறார். 8.2 சதவீதத்தில் காலாண்டுக்கு 61,500, ஆண்டுக்கு 2,46,000. முழுதும் வரிக்குள். தேசிய சேமிப்புப் பத்திரம் 2 லட்சத்துக்கு, 2023 ஜூனில் வாங்கியது. 2025 ஜூனில் இரண்டாம் ஆண்டு முடிந்ததால் அதன் வட்டி 16,586. இதுவும் வரிக்குள். அஞ்சலக சேமிப்புக் கணக்கில் வட்டி 6,000. தனிக் கணக்கு, அதனால் 3,500 விலக்கு, 2,500 வரிக்குள். ஆக வரிக்கு உரிய வட்டி 2,65,086.

இன்னொரு பக்கம் பிபிஎஃப்பில் 10 லட்சம் அளவு இருக்கிறது, வட்டி 71,000. வரியில்லாப் பத்திரம் 400, முகமதிப்பு 4 லட்சம், 8.5 சதவீதத்தில் 34,000. அஞ்சலகத்தின் 3,500-ஐயும் சேர்த்தால் விலக்கு பெற்ற வட்டி 1,08,500.

மொத்தத்தில் அவருடைய வரிக்குரிய வருமானம் 8,85,000-உடன் 2,65,086 சேர்ந்து 11,50,086. புதிய முறையில் 2025-26-க்கு 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். ஆக பெரியப்பாவுக்கு வரி இல்லை.

நோட்டை மூடப் போனவரை நிறுத்தி, இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். போன தடவை அவருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் பாஸ்புக்கிலும் வங்கிக் கணக்கிலும் வந்த வட்டியையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அதே மாதிரி இந்த ஆண்டும் அந்த 1,08,500-ஐத் தெரியாமல் வருமானத்தில் சேர்த்தால் மொத்தம் 12,58,586 ஆகிவிடும். 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும். அடுக்கு விகிதப்படி வரி 68,788 வரும். தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக்கூடாது என்று ஒரு சலுகை இருப்பதால் அது 58,590 ஆகக் குறையும். அதன்மேல் 4 சதவீதம் செஸ். கட்ட வேண்டியது சுமார் 60,930 ரூபாய். வரியே இல்லாத ஒரு லட்சத்து எட்டாயிரத்தைத் தவறான கட்டத்தில் எழுதியதற்கு அறுபதாயிரம்! பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

இதிலிருந்து ஒன்று புரியும். விலக்கு பெற்ற வட்டி 12 லட்சக் கணக்குக்குள் வராது என்பதால், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் அதன் மதிப்பு மிக அதிகம். பெரியம்மாவின் குடும்பப் பென்ஷன்காரத் தோழி ஒருவர் மாதம் 30,000 வாங்குகிறார், கூடவே கொஞ்சம் அஞ்சலக வட்டி. அவர் வட்டி முழுதும் வரிக்கு உரியதாக இருந்தாலும் 12 லட்சத்தின் பக்கத்தில்கூட வர மாட்டார். அவருக்கு 8.2 சதவீத முதியோர் திட்டமே நல்லது, விலக்குக்காக 7.1-க்குப் போக வேண்டியதில்லை.

விலக்கு என்றால் ரிட்டர்னில் எழுதவே வேண்டாம் என்றும் நினைக்கக்கூடாது. ஐடிஆர் படிவத்தில் விலக்கு வருமானத்துக்கென்று தனி இடம் இருக்கிறது. ஐடிஆர்-2 என்றால் Schedule EI என்ற பகுதி. பிபிஎஃப் வட்டியையும் பத்திர வட்டியையும் அஞ்சலகத்தின் 3,500-ஐயும் அங்கே எழுத வேண்டும். அப்படி எழுதினால் வரி ஏறாது, வங்கிக் கணக்கில் வந்த பணத்துக்கு விளக்கமும் ஆகிவிடும். அதே போல, வருமான வரித் தளத்தில் தானாக நிரம்பி வருகிற வட்டித் தொகையை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, ஒவ்வொரு வட்டித் தொகையும் எந்த நிறுவனத்திலிருந்து வந்தது என்று பார்த்து, விலக்கு உள்ளதை அதற்குரிய இடத்துக்கு மாற்றுங்கள். என்எஸ்சி வட்டி மாதிரி கைக்கு வராத, டிடிஎஸ் பிடிக்காத வட்டியை ஏஐஎஸ்ஸை நம்பி விட்டுவிடவும் கூடாது. அதை நாமே கணக்கிட்டு எழுத வேண்டும்.

கடைசியாக டிடிஎஸ். முதியோர் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 50,000 ஆக இருந்தது. பெரியப்பாவுக்கு அப்படி 24,600 ரூபாய் பிடித்திருந்தார்கள். வரியே இல்லாதவருக்கு எதற்குப் பிடித்தார்கள் என்றால், அவர் 15ஹெச் படிவம் கொடுக்கவில்லை. ஆண்டு முழு வருமானத்துக்கு வரி பூஜ்யம் என்று 60 வயதைத் தாண்டியவர் எழுதிக் கொடுக்கிற அறிவிப்பு அது. அதில் மதிப்பிடும் வருமானத்தில் விலக்கு வட்டியைச் சேர்க்க வேண்டியதில்லை, 12 லட்சத் தள்ளுபடியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 60 வயதுக்குக் கீழே இருப்பவருக்கான 15ஜி படிவம் இதைவிடக் கண்டிப்பானது: வரி பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது, வட்டி மொத்தமும் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருக்க வேண்டும்.

பிடித்த 24,600 தொலைந்துபோகவில்லை, ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பும் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும், ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். முதியோர் திட்ட வட்டி ஜூன் முடிந்ததும் முதல் தவணையாக வந்துவிடும் என்பதால், ஏப்ரலிலேயே அஞ்சலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பெரியப்பா நாள்காட்டியில் ஏப்ரல் 6-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "தபாலாபீஸ்" என்று எழுதினார்.